பத்தியில் மறைந்திருந்த முப்பது நிமிடங்கள்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை 15 பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் பாடம் சொல்லித் தருகிறார் ஒரு தன்னார்வலர். 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் வழியே இப்பணிக்கு வந்தவர். பிள்ளைகள் எல்லாரும் மூன்றாம், நான்காம் வகுப்பினர். சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம்.

"டீச்சர், திட்டம் எழுதித்தான் வைக்கிறேன். ஆனால் ஒருநாளும் முடிவதில்லை" என்று தம் குறிப்பேட்டை ஒருநாள் என்னிடம் நீட்டினார். திங்கட்கிழமைக்கு இப்படி எழுதியிருந்தார்:

"பாடல் பாடவைத்து, புதிய சொற்களுக்குப் பொருள் விளக்கி, ஒவ்வொருவரையும் வாசிக்கச் செய்து, கடன் வாங்கிக் கழித்தல் கற்பித்து, சொல்லட்டை விளையாட்டு நடத்தி, வீட்டுப்பாடம் பார்த்து அனுப்புதல்."

படிக்கக் குறையேதும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஓரத்தில் எழுதச் சொன்னேன். பாடல் 10, சொற்பொருள் 15, ஆளுக்கு இரண்டு நிமிடம் வீதம் வாசிப்பு 30, கழித்தல் 30, விளையாட்டு 20, வீட்டுப்பாடம் 15. கூட்டினால் 120. கையில் இருப்பதோ 90 நிமிடம். 'செய்து', 'நடத்தி' என்று வினையெச்சங்களால் கோத்துக்கொண்டே போகும்போது நேரம் கண்ணில் படுவதில்லை.

அடுத்து, எதற்கு என்ன பொருள் வேண்டும் என்று எழுதினோம். 'பொருள் விளக்குதல்' என்பதற்கு நேரே எழுத ஒன்றுமில்லை. வாயால் விளக்குவதாகத்தான் எண்ணியிருந்தார். அன்றைய சொற்களில் ஒன்று 'முறம்'. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே விளக்கம் சொன்னால் கன்னடம் பேசும் குழந்தைக்கு இரட்டைச் சுமை. முறத்தையே கொண்டுவந்து காட்டினால் அக்குழந்தை 'மொர' என்று சொல்லும், தெலுங்குக் குழந்தை 'சேட' என்று சொல்லும். 'முறம்' என்பதை அதன் பக்கத்தில் வைத்துவிடலாம். வெற்றுக் கட்டம்தான் இதைக் காட்டிக்கொடுத்தது.

பிறகு திங்கட்கிழமைத் திட்டம் இப்படி மாறியது:

| நேரம் | செயல்பாடு | பொருள்கள் |
|---|---|---|
| 5.30–5.45 | பாடல். ஐந்து புதிய சொற்கள் | முறம், கூடை, மூன்று படங்கள் |
| 5.45–6.10 | 42 − 17: குச்சிகளால் கழித்தல் (மூவர் கொண்ட 5 குழு) | 210 ஈர்க்குச்சிகள், 20 ரப்பர் வளையங்கள் |
| 6.10–6.35 | ஐவர் கொண்ட 3 குழு: வாசிப்பு / கணக்கு / சொல்லட்டை | வாசிப்புப் பத்தி, குறிப்பேடு, சொல்லட்டைகள் |
| 6.35–6.50 | வீட்டுப்பாடம் பார்த்தல் | பள்ளிக் குறிப்பேடுகள் |
| 6.50–6.55 | ஐந்து சொற்களை மீண்டும் சொல்லுதல் | முறம், கூடை, படங்கள் |
| 6.55–7.00 | பொருள்களை எடுத்து வைத்தல் | பெட்டி |

கழித்தலுக்கு ஒரு குழுவிடம் நான்கு பத்துக்கட்டுகளும் இரண்டு உதிரிகளும் இருக்கும். ஏழு உதிரிகளை எடுக்க முடியாததால் ஒரு கட்டை அவிழ்க்கிறார்கள். இப்போது மூன்று கட்டு, 12 உதிரி. ஏழையும் ஒரு கட்டையும் எடுத்தால் மீதி 25. இதற்கு 210 குச்சிகள் வேண்டும் என்பது பொருள் பத்தியில் எண்ணாக நின்றதால், ஞாயிறன்றே சேகரித்துவிட்டார். முன்பெல்லாம் குச்சி தேடுவதிலேயே வகுப்பில் பத்து நிமிடம் போகும்.

வாசிப்பில்தான் பெரிய மாற்றம். ஒரு நாளில் ஒரு குழு மட்டும் அவரிடம் வாசிக்கிறது. மற்ற இரு குழுக்களும் தாமாகச் செய்யும் வேலையில் இருக்கின்றன. திங்கள், செவ்வாய், புதன் எனக் குழுக்கள் மாறிவர, மூன்று நாளில் எல்லாரும் வாசித்துவிடுகிறார்கள். வியாழன் விடுபட்டவர்களுக்கு, வெள்ளி சரிபார்ப்புக்கு. ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று கேட்க அது போதும்.

முதல் வரிசையில் பாடலை வைத்ததற்கும் காரணம் உண்டு. பெற்றோர் ஷிப்டு முடிந்து வரும் நேரத்தைப் பொறுத்துச் சில பிள்ளைகள் தாமதமாக வருவார்கள். கழித்தல் தொடங்கும் 5.45க்குள் அவர்கள் வந்துவிடலாம். விட்டுப்போன சொற்கள் 6.50க்குத் திரும்ப வருகின்றன.

அட்டவணை சரியாக இருக்கிறதா என்று அறிய, வகுப்பு முடிந்ததும் நேரக் கட்டத்தில் உண்மையில் ஆன நிமிடத்தைப் பென்சிலால் குறித்தால் போதும். ஒரே வரிசை மூன்று நாள் தொடர்ந்து நேரம் தாண்டினால், பெரும்பாலும் அதற்குள் இரண்டு செயல்பாடுகள் ஒளிந்திருக்கும். அதைப் பிரித்து எழுத வேண்டும். கட்டத்துக்குள் ஐந்தாறு வரி எழுதத் தொடங்கினாலோ, பழைய பத்தி மறுபடி வந்துவிட்டது என்று பொருள்.

மூன்று கட்டங்களிலும் இடம்பெறாத ஒன்று உண்டு: இதை ஏன் செய்கிறோம் என்பது. அதற்காக நான்காவது கட்டம் சேர்க்க வேண்டாம். அட்டவணையின் தலையில் ஒரு வரி போதும். அந்த வாரத்துக்கு அவர் எழுதியது: "வெள்ளிக்கிழமை, குச்சியில்லாமல் ஒரு கழித்தலை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்."