படுத்தால் மூச்சு முட்டுகிறதா? தலையணையைப் பாருங்கள், காலையும் பாருங்கள்

பகலில் நன்றாக இருக்கும் ஆஸ்துமாக்காரர், விடியற்காலை 3 மணிக்கு இருமலும் இழுப்புமாக எழுந்து உட்காருகிறாரா? பழைய பஞ்சுத் தலையணையைச் சந்தேகப்படுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் அதில் பெருகும். அவற்றின் எச்சம்தான் மூச்சுக்குழாயை உறுத்துகிறது. வெயிலில் போட்டுத் தட்டினால் பூச்சி செத்தாலும் எச்சம் உள்ளேயே இருக்கும். பாட்டி தைத்த தலையணை என்றாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். துவைக்கக்கூடிய தலையணை வாங்கி, ஜிப் வைத்த பூச்சித்தடுப்பு உறை போடுங்கள். மேலுறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். டாக்டர் கொடுத்த பம்ப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு வகை மூச்சுத்திணறலுக்கு இது எதுவும் உதவாது. மல்லாந்து படுத்ததும் மூச்சு முட்டும்; எழுந்து உட்கார்ந்தால் தணியும். போன மாதம் ஒரு தலையணையில் தூங்கிய அப்பாவுக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கிறது. மாலையில் செருப்பு இறுகுகிறது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்குவதன் அறிகுறியாக இது இருக்கலாம். தலையணையை அடுக்கிச் சமாளிக்காமல், மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எத்தனை தலையணை என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டால், உதடு நீலம் பாரித்தால், காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.