மூன்று நற்செய்திகள், எத்தனை சாட்சிகள்?

ஒரு சம்பவத்தை மூன்று பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றும் பெரும்பாலும் ஒத்துப் போகின்றன. அப்படியானால் எங்களிடம் மூன்று சாட்சிகள் இருக்கிறார்களா? அல்லது ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்ற இருவரும் எழுதினார்களா? ஆணைக்குழுக்களுக்கு முன்னாலும் நீதிமன்றங்களிலும் வாக்குமூலம் கொடுத்துப் பழகிய எங்கள் சனத்துக்கு இது புதிய கேள்வியல்ல. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளையும் பார்த்து அறிஞர்கள் ஏறக்குறைய 250 ஆண்டுகளாகக் கேட்டு வருவதும் இதே கேள்விதான். இதைத்தான் ஒத்தமை நற்செய்திச் சிக்கல் என்கிறார்கள்.

சல்லியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கிறிஸ்தவ நாகரிகம் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் என்னிடம் பாடம் கேட்க வருவார்கள். இருமூலக் கொள்கையின் வரைவிலக்கணத்தை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மாற்கு முதலில் எழுதப்பட்டது. மத்தேயுவும் லூக்காவும் அதைப் பயன்படுத்தினார்கள். அதோடு கியூ என்ற இன்னொரு மூலத்தையும் பயன்படுத்தினார்கள் என்பார்கள். ஆனால் இது எப்படித் தெரியும் என்று கேட்டால் மௌனமாகி விடுவார்கள். அந்த ‘எப்படி’யை ஒரேயொரு பகுதியை வைத்து விளக்க முயல்கிறேன். நான் தெரிந்தெடுப்பது போரிலிருந்து தப்பியோடுவது பற்றிய பகுதி. மாற்கில் அது 13ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்திலும், மத்தேயுவில் 24ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்திலும், லூக்காவில் 21ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்திலும் தொடங்குகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

முதலில் பின்னணி. கி.பி. 66இல் யூதேயாவில் உரோமை ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. 70இல் தளபதி டைட்டசின் படைகள் எருசலேமை முற்றுகையிட்டுப் பிடித்தன. ஆலயம் எரிந்தது. பட்டினியால் செத்தவர்கள் போக எஞ்சியவர்களில் பெருந்தொகையானோர் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். மாற்கு எழுதப்பட்டது இந்தப் போரையொட்டிய காலத்தில், 70க்குச் சற்று முன்னரோ பின்னரோ என்பதும், மத்தேயுவும் லூக்காவும் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியவை என்பதும் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

மாற்கில் இயேசு சொல்வதன் சாரம் இது. பாழாக்கும் அருவருப்பு நிற்கக்கூடாத இடத்தில் நிற்பதைக் கண்டால், யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓடவேண்டும். கூரையில் நிற்பவன் வீட்டுக்குள் எதையும் எடுக்க இறங்கக்கூடாது. வயலில் நிற்பவன் மேலாடையை எடுக்கத் திரும்பக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அந்நாட்கள் பெருந்துயரம். அது மாரி காலத்தில் நடக்காதபடி மன்றாட வேண்டும். எங்கள் வாசகர்களுக்கு இந்த வரிகளுக்குப் பொழிப்புரை தேவையில்லை. அடையாள அட்டையை எடுக்க வீட்டுக்குள் திரும்பியவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

இனி முதற் கேள்வி. இந்த மூன்றுக்கும் இடையில் எழுத்துத் தொடர்பு இருக்கிறதா? மூன்று பேரும் ஒரே பேச்சைத் தனித்தனியாக நினைவில் வைத்திருந்து எழுதியிருக்கலாம் அல்லவா?

மாற்கு இந்தப் பேச்சின் நடுவில் ஒரு சிறு குறிப்பை இடைச்செருகியிருக்கிறார். வாசிக்கிறவர் இதை விளங்கிக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள். கேட்கிறவர் என்றல்ல, வாசிக்கிறவர் என்று. இயேசு மலையில் இருந்து நான்கு சீடர்களோடு கதைத்துக் கொண்டிருக்கிறார்; அங்கே வாசிப்பவர் எவருமில்லை. இது எழுதியவர் தன் வாசகருக்குக் கண்ணைக் காட்டும் இடம். அதே குறிப்பு மத்தேயுவிலும் அதே இடத்தில் இருக்கிறது. சொன்ன பேச்சை இருவர் ஒரேமாதிரி நினைவில் வைத்திருக்கலாம். ஆனால் எழுத்தாளர் ஒருவர் போட்ட குறிப்பு இன்னொருவரின் பிரதியிலும் அதே இடத்தில் வந்தால், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் முன்னால் ஒரு எழுத்துப் பிரதி இருந்தது.

இன்னொரு சான்று மொழி. இயேசு பேசியது அரமேயம். நற்செய்திகள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். ஒருவர் தமிழில் சொன்ன வாக்குமூலத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் சிங்களத்துக்கு மாற்றினால், கருத்து ஒன்றாக இருக்கும். வசனம் வசனமாக, சொல் சொல்லாக ஒன்றாக இராது. அப்படி ஒன்றாக இருந்தால் ஒரு மொழிபெயர்ப்புத்தான் நடந்தது, மற்றது பிரதி என்று எந்தச் சட்டத்தரணியும் சொல்வார். மலைகளுக்கு ஓடச் சொல்லும் வாக்கியம் கிரேக்கத்தில் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சொற்களில், ஒரே ஒழுங்கில் வருகிறது.

இரண்டாவது கேள்வி, யார் யாரைப் பார்த்து எழுதினார்? இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஒற்றுமை தொடர்பைக் காட்டும், திசையைக் காட்டாது. திசையைக் காட்டுவது வேறுபாடுகள்தான்.

மாற்கின் கிரேக்கத்தில் ஒரு இலக்கணப் பிசகு இருக்கிறது. ‘அருவருப்பு’ என்பது கிரேக்கத்தில் அஃறிணை போன்ற பொதுப்பால் சொல். அதற்குப் பின்னால் வரும் ‘நிற்கும்’ என்ற சொல்லை மாற்கு ஆண்பாலில் எழுதியிருக்கிறார். தமிழில் ‘அருவருப்பு நிற்கிறான்’ என்று எழுதியது போல. ஒரு மனிதனை மனதில் வைத்து வேண்டுமென்றே எழுதினார் என்று சிலர் விளக்குவார்கள். மத்தேயுவில் அது திருத்தமாக, ‘நிற்கிறது’ என்ற முறையில் இருக்கிறது. அதோடு மாற்கில் ‘நிற்கக்கூடாத இடம்’ என்று மூடுமந்திரமாக இருப்பது மத்தேயுவில் புனித இடம் என்று தெளிவாகிறது. இது இறைவாக்கினர் தானியேல் சொன்னது என்ற விளக்கமும் சேர்கிறது.

இப்போது இரண்டு பக்கமாகவும் யோசித்துப் பாருங்கள். மாற்கைக் கையில் வைத்திருந்த மத்தேயு இலக்கணத்தைத் திருத்தினார், தெளிவில்லாததைத் தெளிவாக்கினார், தானியேலின் பெயரைச் சேர்த்தார் என்பது இயல்பு. மத்தேயுவைக் கையில் வைத்திருந்த மாற்கு சரியான இலக்கணத்தைப் பிழையாக்கி, தெளிவானதை மறைத்து, தானியேலின் பெயரை வெட்டினார் என்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஏன் என்று விளக்குவது கடினம். ஒரு இடத்தில் மட்டும் இப்படி என்றால் தற்செயல் எனலாம். நற்செய்தி முழுவதும் இதே போக்குத் தென்படுவதால்தான் மாற்கு முந்தியது என்ற முடிவுக்கு வந்தார்கள். மாற்கில் 660க்குச் சற்று அதிகமான வசனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 600 வசனங்களின் பொருள் மத்தேயுவில் இருக்கிறது.

லூக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறார். அருவருப்பு என்ற சொல்லே அவரிடம் இல்லை. வாசகருக்கான குறிப்பும் இல்லை. அந்த இடத்தில் படைகள் எருசலேமைச் சூழ்ந்திருக்கின்றன. மலைகளுக்கு ஓடும் வாக்கியம் அப்படியே நிற்கிறது. கூரையில் நிற்பவன் பற்றியதை அவர் இங்கே சொல்லவில்லை. 17ஆம் அதிகாரத்தில் வேறொரு பேச்சில் வைத்திருக்கிறார். மாரி காலம் பற்றிய மன்றாட்டும் இல்லை. முடிவில், மக்கள் வாளுக்கு இரையாவதும் எல்லா நாடுகளுக்கும் சிறைப்பட்டுப் போவதும் சேர்கின்றன. மாற்கில் வரப்போகும் பயங்கரமாக இருந்தது, லூக்காவில் நடந்து முடிந்த முற்றுகையின் முகத்தோடு நிற்கிறது என்று பலர் வாசிக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. லூக்காவின் சொற்கள் பாபிலோனியர் எருசலேமை அழித்தது பற்றிய பழைய மறைநூல் மொழியிலிருந்தே வருகின்றன, 70ஆம் ஆண்டைப் பார்த்து எழுதியதாக இருக்கத் தேவையில்லை என்று சி.எச். டொட் 1947இல் வாதிட்டார். காலத்தைக் கணிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

இதுவரை ஒரு மூலம். இரண்டாவது மூலம் எங்கிருந்து வந்தது? மத்தேயுவும் லூக்காவும் பகிர்ந்துகொள்ளும், மாற்கில் இல்லாத 200க்கும் அதிகமான வசனங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் இயேசுவின் போதனைகள். இரண்டு நற்செய்திகளிலும் 3ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்திலிருந்து, திருமுழுக்கு யோவான் கூட்டத்தைப் பாம்புகளுக்கு ஒப்பிட்டு ஏசும் பேச்சைப் பாருங்கள். மத்தேயுவில் பரிசேயரையும் சதுசேயரையும் ஏசுகிறார். லூக்காவில் மக்கள் கூட்டத்தை. ஆனால் பேச்சு தொடங்கிய பிறகு அறுபதுக்கும் அதிகமான கிரேக்கச் சொற்களில் இரண்டோ மூன்றோ இடத்தில்தான் வேறுபாடு. ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் மாற்கைப் பயன்படுத்தினார்கள் என்றால், இதற்கு இன்னொரு பொது மூலம் வேண்டும். கிறிஸ்தியான் வைசே 1838இல் இதை முன்வைத்தார். ஹோல்ட்ஸ்மான் 1863இல் விரித்து நிறுவினார். மூலம் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தே பின்னர் கியூ என்ற பெயரானது.

கியூவின் ஒரு பிரதியும் கிடைத்ததில்லை. இதுவே கொள்கையின் மெலிந்த இடம். 1945இல் எகிப்தின் நாக் ஹமாடியில் கிடைத்த தோமாவின் நற்செய்தி, கதையில்லாமல் போதனைகளை மட்டும் தொகுத்த நூல்கள் இருந்தன என்று காட்டியது. கியூ இருந்தது என்று காட்டவில்லை. இன்னொரு இடர், மாற்குக்கு எதிராக மத்தேயுவும் லூக்காவும் ஒத்துப்போகும் சிறு இடங்கள். இயேசுவின் முகத்தை மூடி அடிக்கும் இடத்தில், அடித்தவன் யாரென்று கேட்கும் ஐந்து கிரேக்கச் சொற்கள் இருவரிடமும் ஒன்றாக இருக்கின்றன; மாற்கில் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்றால் இது எப்படி? லூக்கா மத்தேயுவைப் பார்த்தார், கியூ தேவையில்லை என்று ஒஸ்ரின் ஃபாரர் 1955இல் எழுதினார். மார்க் குடேக்கர் இன்றும் அதை வலுவாக வாதிடுகிறார். பரீட்சையில் மாற்கின் முந்துநிலையையும் கியூவையும் ஒரே உறுதியோடு எழுதாதீர்கள். முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனிப் பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. அப்படியானால் மூன்று சாட்சிகள் ஒன்றாகக் குறைந்து போயிற்றா?

மலைகளுக்கு ஓடச் சொல்லும் வாக்கியத்துக்கு, ஆம். அதை மூன்று தரம் எண்ணக்கூடாது. அது மாற்கின் ஒரு சாட்சியம். ஆனால் பிரதி செய்தவர்களும் வெறும் எழுதுவினைஞர்கள் அல்லர். மத்தேயு மாரி காலத்தோடு ஓய்வுநாளையும் சேர்த்து மன்றாடச் சொல்கிறார். ஓய்வுநாளில் நெடுந்தூரம் நடப்பது குற்றமென்று கருதிய ஒரு சமூகம் அங்கே தெரிகிறது. லூக்கா சிறைப்பட்டுச் சிதறிப் போனவர்களைச் சேர்க்கிறார். மாற்கிலிருந்து எடுத்த வரி மாற்கின் சாட்சியம்; அதில் மாற்றிய சொல் மாற்றியவரின் காலத்துக்கும் அவருடைய சனத்துக்கும் சாட்சியம். இரண்டையும் பிரித்து எண்ணத் தெரிந்தால் சாட்சிகள் குறைவதில்லை. யார் எதற்குச் சாட்சி என்பது தெளிவாகிறது.

பயிற்சிக்கு மூன்று நிறப் பென்சில்கள் போதும். மூன்றிலும் இருப்பதற்கு ஒன்று, இரண்டில் மட்டும் இருப்பதற்கு ஒன்று, ஒன்றில் மட்டும் இருப்பதற்கு ஒன்று. மேலே சொன்ன பகுதியை அப்படி நிறம் தீட்டினால், பிள்ளைத்தாய்ச்சிகளும் பாலூட்டும் தாய்மாரும் மூன்றிலும் ஒரே நிறத்தில் வருவார்கள். அருவருப்பு என்ற சொல்லை நீக்கிய லூக்காவும், தானியேலைச் சேர்த்த மத்தேயுவும், அந்த வரியில் கை வைக்கவில்லை.