அதே கேம், நாட்டுக்கு நாடு வேற விலை: நாம ஏமாறுகிறோமா?

சூரிச்சில் இருக்கும் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். பிறந்தநாளுக்கு வந்த காசில் ஒரு கேம் வாங்கணுமாம். "மாமா, கோயம்புத்தூர்ல அத்தை பையன் இதே கேமை 2,999 ரூபாய்க்கு வாங்கிட்டான். எனக்கு 59.90 ஃபிராங்க் காட்டுது. தாத்தாவோட இந்தியா கார்டுல விபிஎன் போட்டு வாங்கிடலாமா?"

கேள்வி நியாயமானது. அவன் கண்டுபிடித்த வழிதான் ஆபத்தானது. ஜெர்மனிக்கு வந்த புதுசில் எனக்கும் இதே எரிச்சல் இருந்தது. அவனுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீம் கடையை வைத்தே பேசுவோம், கணினியில் விளையாடும் நம்மில் பலருக்கும் அதுதான் பழக்கம்.

ஸ்டீமில் நீங்கள் பார்க்கும் விலை, டாலர் விலையை அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி வந்தது இல்லை. ஒவ்வொரு நாணயத்துக்கும் கேமை வெளியிடும் நிறுவனம் தனித்தனியாக ஒரு எண்ணைப் போடுகிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரு பரிந்துரைப் பட்டியல் தருகிறது. அதை எடுத்துக்கொள்வதும் விடுவதும் வெளியீட்டாளர் இஷ்டம். ஒருமுறை போட்ட எண் யாராவது கைவைத்து மாற்றும்வரை அப்படியே நிற்கும். நாணய மதிப்போ தினமும் ஏறி இறங்கும். பாதிக் குழப்பம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

மீதிக் குழப்பம் வரியால் வருவது. அமெரிக்காவில் திரையில் தெரியும் விலையில் வரி இல்லை. மாநிலத்தைப் பொறுத்து கடைசியில் சேரும். கனடாவிலும் அப்படித்தான். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வரி விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஜெர்மனியில் அது 19 சதவீதம், இந்தியாவில் 18, சுவிட்சர்லாந்தில் 8.1. வரியைக் கழிக்காமல் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

இப்போது மருமகனின் கேமையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 59.99 டாலர், ஜெர்மனியில் 59.99 யூரோ, சுவிஸில் 59.90 ஃபிராங்க், இந்தியாவில் 2,999 ரூபாய். கணக்குக்காக ஒரு யூரோ 1.15 டாலர், ஒரு ஃபிராங்க் 1.25 டாலர், ஒரு டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடும்போது அன்றைய விகிதத்தைப் போடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

```
உள்ளூர் விலை ÷ (1 + வரி) × டாலர் மதிப்பு
```

ஜெர்மனிக்கு 59.99-ஐ 1.19-ஆல் வகுத்தால் 50.41 யூரோ. டாலரில் 58. மேலோட்டமாகப் பார்த்தால் 59.99 யூரோ என்பது 69 டாலர், அநியாயம் என்று தோன்றும். வரியை எடுத்துவிட்டால் அமெரிக்க விலையைவிடக் கொஞ்சம் குறைவு! இத்தனை வருஷம் நான் திட்டியது கடைக்காரனை. காசு போனது ஜெர்மன் அரசாங்கத்துக்கு.

சுவிஸுக்கு 59.90-ஐ 1.081-ஆல் வகுத்தால் 55.41 ஃபிராங்க். டாலரில் 69. ஆக, மருமகன் உண்மையிலேயே 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறான். இது வரி இல்லை. யூரோவுக்குப் போட்ட எண்ணையே கிட்டத்தட்ட ஃபிராங்குக்கும் ஒட்டிவிட்டார்கள், ஃபிராங்கோ வலுத்துவிட்டது.

இந்தியாவுக்கு 2,999-ஐ 1.18-ஆல் வகுத்து 88-ஆல் வகுத்தால் 29 டாலர். பாதிக்கும் குறைவு. இது தவறால் வந்த விலை இல்லை. கோயம்புத்தூர் சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு கேம் விற்காது என்று தெரிந்தே, இருபத்தொன்பது டாலராவது வரட்டும் என்று போட்டது. இன்னொரு பிரதி விற்பதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை என்பதால் அவர்களுக்கு அது கட்டுப்படியாகிறது.

ஆனால் அந்த விலை நிலைக்க வேண்டுமானால், அது அந்த ஊர்க்காரர்களோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கியே சாட்சி. 2020 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 6 லிரா. 2023 நவம்பரில் 28-ஐத் தாண்டிவிட்டது. 100 லிரா என்று போட்டு மறந்துவிட்ட கேம், சுமார் 17 டாலரிலிருந்து மூன்றரை டாலருக்கு இறங்கிவிட்டது. உலகம் முழுக்க ஆட்கள் விபிஎன் போட்டு 'துருக்கிக்காரர்' ஆனார்கள். அர்ஜென்டினாவிலும் இதே கதை. 2023 நவம்பர் 20 அன்று ஸ்டீம் இரண்டு நாடுகளிலும் உள்ளூர் நாணயத்தை எடுத்துவிட்டு டாலருக்கு மாற்றியது. பல கேம்களின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஆனது. வெளியூர்க்காரர்கள் வேறு வழி தேடிப் போய்விட்டார்கள். அடி விழுந்தது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு.

இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்சம் அமைதியானான். "அப்போ தாத்தா கார்டு வேணாமா?" வேண்டாம்டா என்றேன். ஸ்டீமில் நாட்டை மாற்ற, நீங்கள் அங்கே வசிக்க வேண்டும், அந்த நாட்டுக் கட்டண முறையில் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றவும் முடியாது. இருக்கும் இடத்தை மறைப்பது விதிமீறல். மாட்டினால் பல வருஷமாகச் சேர்த்த மொத்த அக்கவுண்டுக்கும் ஆபத்து. கோயம்புத்தூர்ப் பையன் கிஃப்ட்டாக அனுப்பினாலும், விலை வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஸ்டீமே தடுத்துவிடும்.

வெளித் தளங்களில் கிடைக்கும் மலிவு கீ விஷயத்தில் நான் சொந்தக் காசிலேயே பாடம் படித்தவன். ஒரு தளத்தில் பாதி விலைக்கு வாங்கினேன். போட்டுப் பார்த்தால், உங்கள் பகுதியில் செல்லாது என்று வந்தது. விற்றவர், விவரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறதே என்றார். 22 யூரோ போனது போனதுதான். கீ வாங்கியே தீரணும் என்றால், எந்தெந்த நாட்டில் செல்லும் என்ற வரியைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

பிறகு நியாய விலையை எப்படிப் பிடிப்பது? steamdb.info தளத்தில் கேமின் பெயரைத் தேடினால் எல்லா நாணயத்திலும் விலை வரும். பழைய விலை வரைபடமும் இருக்கும். அங்கே உங்கள் நாட்டு விலையை எடுத்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். அமெரிக்க விலைக்குப் பத்து சதவீதம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் வந்தால் நியாயம் என்று நான் எடுத்துக்கொள்வேன். அதைத் தாண்டினால் தள்ளுபடிக்குக் காத்திருப்பேன். ஆனால் ஒன்று: தள்ளுபடி சதவீதம் பொதுவாக எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அடக்க விலையே கூடுதலாக இருந்தால், பாதி விலையிலும் அந்த 15 சதவீதம் கூடவே வரும். அதனால் சுவிஸ்காரர்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல், கடைசியில் எத்தனை ஃபிராங்க் என்று பாருங்கள்.

கடைசியாக, இலங்கையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஸ்டீம் தெற்காசிய டாலர் விலையைக் காட்டுகிறது. விலை குறைவுதான், ஆனால் டாலரை ரூபாயாக மாற்றும் கட்டணத்தை வங்கி தனியாக எடுக்கும். பணம் கட்டும் பக்கம் 'உங்கள் நாணயத்திலேயே கட்டுகிறீர்களா' என்று கேட்டால், அந்த விகிதத்தையும் வங்கி விகிதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நான்கு சதவீதம் அங்கேயே கரையும்.

மருமகன் இப்போது கேமை விருப்பப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறான். 35 ஃபிராங்குக்குக் கீழே வந்தால் வாங்குவது என்று அவனே கணக்குப் போட்டு முடிவு பண்ணியிருக்கிறான். தாத்தா கார்டு தாத்தாவிடமே பத்திரமாக இருக்கிறது.