காற்றில் முந்திக்கொள்ளும் குரல்

வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை டவுன்லோடு செய்துகொண்டிருக்கிறார். அதே வைஃபையில் இன்னொருவர் செல்பேசியில் பேசுகிறார். சில வீடுகளில் பேச்சு தெளிவாகப் போகிறது. சில வீடுகளில் சொற்கள் பாதியில் அறுந்துவிடுகின்றன. இரண்டு வீட்டிலும் இணைய வேகம் ஒன்றாகவே இருக்கலாம். காற்றில் அடுத்து அனுப்புவது யார் என்பதை வைஃபை எப்படி முடிவுசெய்கிறது என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம் இருக்கிறது.

பொதுவாக, ஒரு வைஃபை சானலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். இன்னாருடைய முறை என்று அறிவிக்க நடுவர் யாரும் இல்லை. ரூட்டரும் மற்றக் கருவிகளைப் போல ஒரு போட்டியாளர்தான். ஒவ்வொரு கருவியும் சானலைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சானல் அமைதியானதும் குறிப்பிட்ட நேரம் பொறுத்திருக்கும். பிறகு, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல ஓர் எண்ணை எடுத்து, அதிலிருந்து பூஜ்ஜியம் வரை இறங்கு வரிசையில் எண்ணும். முதலில் பூஜ்ஜியத்தைத் தொடும் கருவி அனுப்பும். மற்றவை தங்கள் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்திவைத்து, அடுத்த அமைதியில் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆரம்ப கால வைஃபையில் பொறுக்கும் நேரமும் சீட்டின் வரம்பும் எல்லாருக்கும் ஒன்றுதான். 2005-இல் வந்த 802.11e என்ற தரநிலை இதை மாற்றியது. அதற்கு ஓராண்டு முன்பே வைஃபை அலையன்ஸ் அமைப்பு அதன் முக்கியப் பகுதியை WMM என்ற பெயரில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. இதன்படி தகவல்கள் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வகுப்புகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பொறுப்பு நேரம், தனிச் சீட்டு வரம்பு. ரூட்டர் இந்த எண்களைத் தன்னோடு இணையும் கருவிகளுக்கு அறிவிக்கிறது. லினக்ஸ் கணினியில் `sudo iw dev wlan0 scan` என்று கொடுத்தால் அவை இப்படித் தெரியும்:

```
WMM:
  BE: CW 15-1023, AIFSN 3
  BK: CW 15-1023, AIFSN 7
  VI: CW 7-15, AIFSN 2, TXOP 3008 usec
  VO: CW 3-7, AIFSN 2, TXOP 1504 usec
```

VO என்பது குரல், VI வீடியோ, BE சாதாரணம், BK பின்னணி. AIFSN எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று சொல்கிறது. CW சீட்டின் வரம்பு. TXOP ஒருமுறை வென்றால் எவ்வளவு நேரம் சானலை வைத்துக்கொள்ளலாம் என்பது.

ஒரு போட்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாம் பேசும் சொல்லை ரூட்டருக்கு அனுப்பச் செல்பேசி தயாராக இருக்கிறது. அதே சமயம் டவுன்லோடு தகவலை மடிக்கணினிக்கு அனுப்ப ரூட்டரும் தயார். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் எண்ணிக்கையின் ஒரு படி 9 மைக்ரோநொடி. அடிப்படை இடைவெளி 16 மைக்ரோநொடி. குரல் இந்த 16-உடன் இரண்டு படி பொறுக்கும். மொத்தம் 34 மைக்ரோநொடி. டவுன்லோடு மூன்று படி பொறுக்க வேண்டும், 43 மைக்ரோநொடி. அதன்பின் குரல் 0 முதல் 3 வரை ஓர் எண்ணை எடுக்கும். டவுன்லோடு 0 முதல் 15 வரை எடுக்கும்.

இதில் 64 விதமான முடிவுகள் வரலாம். 58-இல் குரல் வெல்கிறது. மூன்றில் இருவரும் ஒரே நொடியில் அனுப்பி மோதிக்கொள்கிறார்கள். மூன்றில் மட்டும் டவுன்லோடு முந்துகிறது. எல்லாருக்கும் ஒரே விதி இருந்தால் குரல் வெல்லும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. இப்போது அது பத்துக்கு ஒன்பது. குரலுக்கென்று தனிப் பாதை எதையும் யாரும் ஒதுக்கவில்லை. மற்றவர்கள் சில மைக்ரோநொடி கூடுதலாகப் பொறுப்பதே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் குரலுக்கு ஒரு வரம்பு உண்டு. ஏற்கெனவே தொடங்கிவிட்ட அனுப்புதலை அதனால் இடைமறிக்க முடியாது. டவுன்லோடு பாக்கெட்டுகள் பலவற்றைச் சேர்த்து ஒரே மூச்சில் அனுப்பும்போது ஏறக்குறைய 5 மில்லிநொடிவரை சானல் பிடிபட்டிருக்கலாம். அதுவரை குரல் காத்திருக்கத்தான் வேண்டும். சாதாரணக் குரல் அழைப்பில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் கிளம்புவதால், இந்தத் தாமதத்தைச் செல்பேசி சமாளித்துவிடும்.

எதிர்முனைக் குரல் நமக்கு வரும் திசையில்தான் பெரிய ஆபத்து. அங்கே குரலும் டவுன்லோடும் ஒரே ரூட்டருக்குள் வந்து நிற்கின்றன. ஒரே வரிசையில் 300 டவுன்லோடு பாக்கெட்டுகளுக்குப் பின்னால் குரல் நின்றால் என்ன ஆகும்? பாக்கெட்டுக்கு 1500 பைட், வைஃபை வேகம் நொடிக்கு 30 மெகாபிட் என்று கொண்டால், முன்னால் நிற்பவை போய்முடிய 120 மில்லிநொடி ஆகும். WMM இயங்கும் ரூட்டரில் நான்கு வகுப்புக்கும் நான்கு வரிசை. குரல் தன் வரிசையின் முகப்பில் நின்று, ரூட்டருக்குள்ளேயே டவுன்லோடுடன் போட்டியிட்டு வெளியேறிவிடும்.

இவ்வளவும் ஒரு நிபந்தனையோடுதான். அந்தப் பாக்கெட் குரல் என்று ரூட்டருக்குத் தெரிய வேண்டும். உள்ளே இருக்கும் ஒலியை ரூட்டர் ஆராய்வதில்லை. பாக்கெட்டின் தலைப்பில் உள்ள DSCP என்ற எண்ணைத்தான் பார்க்கிறது. குரலுக்கு வழக்கமான எண் 46. இரும எண்ணில் அது 101110. பல கருவிகள் இதன் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்து வைஃபை முன்னுரிமையாக மாற்றும். 101 என்றால் 5. வைஃபையில் 4-உம் 5-உம் வீடியோவுக்கு உரியவை. குரலுக்கு 6, 7. இப்படி முறையாக முத்திரை குத்திய குரல்கூட வீடியோ வகுப்புக்குப் போய்விடுகிறது. அங்கே டவுன்லோடை முந்தும் வாய்ப்பு 78 விழுக்காடாகக் குறைவதோடு, வீடியோக்களுடன் சமமாகவும் போட்டியிட வேண்டும். 46-ஐ 6 ஆக மாற்ற வேண்டும் என்று 2018-இல் வெளியான RFC 8325 பரிந்துரைக்கிறது.

இதைவிட மோசமானது முத்திரை அடியோடு அழிந்துபோவது. வழியில் ஏதோ ஒரு நெட்வொர்க் அந்த எண்ணைப் பூஜ்ஜியமாக்கினால் குரல் சாதாரண வகுப்பில் டவுன்லோடோடு வந்து நிற்கும். நாம் பேசுவது எதிர்முனையில் தெளிவாகக் கேட்டு, அவர்கள் பேசுவது மட்டும் டவுன்லோடு நடக்கும்போது நமக்கு அறுந்து வந்தால், இந்தக் காரணத்தைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் ரூட்டருக்கும் வெளியே உள்ள ஒரு சர்வருக்கும் பிங் கொடுத்துப் பார்க்க வேண்டும். ரூட்டருக்கான பிங் சீராக இருந்து, வெளியே போவது மட்டும் ஏறினால் நெரிசல் இணைய இணைப்பில் இருக்கிறது. WMM காற்றில் நடக்கும் போட்டியை மட்டுமே கவனிப்பதால், அங்கே அது உதவாது. காற்றில் போகும் ஃப்ரேம்களை வயர்ஷார்க்கில் பிடித்து TID எண்ணைப் பார்த்தால் வகுப்பு உறுதியாகத் தெரிந்துவிடும்.

சிலர் ரூட்டர் அமைப்பில் WMM-ஐ அணைத்துப் பார்க்கிறார்கள். அதில் இன்னொரு இழப்பும் உண்டு: 802.11n முதலான புதிய வைஃபை முறைகள் WMM-ஐச் சார்ந்தே இயங்குவதால், வேகம் 54 மெகாபிட்டுக்குள் சுருங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் குரல் முத்திரை குத்திவிடலாமே என்றும் தோன்றலாம். குரல் வகுப்பில் இருப்பவை நான்கே சீட்டுகள். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒரே எண் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சாதாரண வகுப்பில் பதினாறில் ஒன்று. மோதியபின் சாதாரண வகுப்பின் வரம்பு 1023 வரை விரிந்து நெரிசலைத் தணிக்கும். குரலின் வரம்போ 7-உடன் நின்றுவிடும். அதனால் கனத்த டவுன்லோடுகள் இந்த வகுப்புக்குள் நுழைந்தால் மோதல்கள் பெருகி, குரலும் டவுன்லோடும் சேர்ந்தே கெடும். நொடிக்கு ஐம்பது சிறு பாக்கெட்டுகள் மட்டுமே அனுப்பும் பேச்சுக்காகவே அந்த எண்கள் இவ்வளவு குறுகலாக வைக்கப்பட்டிருக்கின்றன.