மூவர் வாசித்த கடிதம்

பெல்மதுளை நகரிலே ஒரு சிறிய அறைதான் எங்கள் தொண்டு அலுவலகம். ஒரு கணினி, ஒரு தொலைபேசி, ஒரேயொரு மின்னஞ்சல் முகவரி. அந்த முகவரிக்கு வரும் கடிதங்களை நாங்கள் ஆறு பெண்கள் முறை வைத்துப் பார்க்கிறோம். சுற்றியுள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களிலிருந்து கடிதம் வரும். 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் அடிபட்டவர்களின் பிள்ளைகளும் எழுதுவார்கள். புதிதாகச் சேரும் தங்கைமாருக்காக ஒரு பக்கத்தில் சில விதிகள் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் எழுதப்படக் காரணம் ஒரு கடிதம்.

ஒரு தாய் எழுதியிருந்தார். தலைப்பு “உதவி”. இரண்டு பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பையும் கொப்பியும் கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: “இவர் குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகளோடு பக்கத்து லயத்தில்தான் படுக்கிறோம்.” அந்தக் கடிதம் பதினொரு நாள் பதிலில்லாமல் கிடந்தது. மூன்று பேர் அதைத் திறந்து வாசித்திருந்தோம். நானும் ஒருத்தி. மற்றவர் பதில் எழுதியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம்.

இது அசட்டையால் மட்டும் வந்த தவறல்ல. ஒரே கடவுச்சொல்லில் பலர் நுழையும்போது, ஒருவர் திறந்த கடிதம் எல்லோருக்கும் “வாசித்தது” ஆகிவிடும். தடித்த எழுத்து மெல்லியதாகும். அடுத்தவர் கண்ணுக்கு அது முடிந்த வேலை போலத் தெரியும். ஆகவே எங்கள் முதலாவது விதி, வாசித்தவர் அடையாளம் இடாமல் எழும்பக்கூடாது என்பது.

ஜிமெயிலில் `Labels` என்ற வசதி உண்டு. கடிதத்தின் மேல் துண்டு ஒட்டுவது போன்றது. நாங்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு துண்டு ஒட்டுகிறோம். ஒன்று, பொறுப்பெடுத்தவரின் பெயர். மற்றது, கடிதத்தின் நிலை. நிலைகள் நான்குதான்: “எடுத்தது”, “காத்திருப்பு”, “மேலே”, “முடிந்தது”. தொடக்கத்தில் உணவு, வீடு, பத்திரம், பாடசாலை என்று இருபதுக்கு மேல் துண்டுகள் வைத்திருந்தோம். எதை ஒட்டுவது என்று யோசித்தே நேரம் போனது; பிறகு ஒருவரும் ஒட்டவில்லை. “வன்முறை” என்றும் ஒரு துண்டு இருந்தது. அறைக்குள் வரும் எவரும் திரையில் அதைப் பார்க்கலாம் என்பதால் அதையும் எடுத்துவிட்டோம். மாலையில் அறையைப் பூட்டுபவர், பெயர்த்துண்டு இல்லாத கடிதம் ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டே போவார்.

கடவுச்சொல்லை ஆறு பேர் பகிர்வதும் நல்லதல்ல. கணினியில் `Settings` திறந்து, `Accounts and Import` பகுதியில் `Grant access to your account` என்பதன் மூலம், ஒவ்வொருவரும் தத்தம் முகவரியாலேயே பொதுப்பெட்டியைப் பார்க்க வழி செய்யலாம். ஒருவர் விலகினால் அவர் பெயரை மட்டும் நீக்கினால் போதும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது விதி, பதிலின் தொனி பற்றியது. எழுதியவர் எந்த மொழியில், எந்த எழுத்தில் எழுதினாரோ அதிலேயே பதில் போக வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியவருக்கு அதே மாதிரி எழுதுகிறோம். அவருடைய தொலைபேசியில் தமிழ் எழுத்து இல்லாதிருக்கலாம். “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று எழுத வேண்டாம். கந்தோர்களில் அதைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களே நமக்கு எழுதுகிறார்கள். என்ன செய்வோம், எந்த நாளில் மறுபடி பேசுவோம் என்ற இரண்டும் இருந்தால் போதும். “அக்கா, உங்கள் கடிதம் கிடைத்தது. கொப்பி இருக்கிறது, பை இப்போது இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நானே அழைத்துச் சொல்கிறேன்” என்பது நல்ல பதில். வெள்ளிக்கிழமை பை கிடைக்காவிட்டாலும் அழைக்க வேண்டும்.

சொற்களிலும் கவனம் தேவை. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்று எழுதும் பெண்ணுக்கு “காலஞ்சென்ற உங்கள் கணவர்” என்றோ “விதவை” என்றோ ஒருபோதும் எழுதக்கூடாது. அவர் பயன்படுத்திய சொல்லையே நாமும் பயன்படுத்துவோம். தேடித் தருவதாக வாக்கும் கொடுக்கக்கூடாது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. அங்கே முறையிட்டாரா என்று கேட்டு, பத்திரம் நிரப்பத் துணை நிற்கலாம். நம்மால் இயலுவது அவ்வளவுதான்.

மூன்றாவது விதி, எதை மேலே கொடுப்பது என்பது. உயிருக்கு ஆபத்து, அடி, பிள்ளைக்குத் தீங்கு, சாக வேண்டும் என்ற பேச்சு, லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தொண்டர் தனியே முடிவெடுக்கக்கூடாது. “மேலே” துண்டை ஒட்டிவிட்டுப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் இரண்டாமவரை அழைக்க வேண்டும். மின்னஞ்சலில் அறிவித்துவிட்டுப் போவது அறிவித்ததாகாது. இருவரும் கிடைக்காமல் ஆபத்து அந்த நேரத்திலேயே இருந்தால் காத்திருக்கக்கூடாது. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் 1929, பெண்கள் 1938, மனநலம் 1926, மண்சரிவு போன்ற அனர்த்தம் 117. இந்த இலக்கங்களும் அதே பக்கத்தில் உள்ளன.

இனி அந்தத் தாயின் கடிதத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நாள் அதைத் திரும்ப வாசித்த தங்கைதான் கடைசி வரியைக் கண்டார். உடனே பதில் எழுதப் போனவரைப் பொறுப்பாளர் தடுத்தார். அந்த முகவரி கணவருடைய பெயரில் இருந்தது. “உங்களை அடிக்கிறாரா?” என்று எழுதியிருந்தால் அதை முதலில் வாசிப்பவர் அவராகவே இருந்திருக்கலாம். ஆகவே பாடசாலைப் பொருள் பற்றி மட்டும் எழுதினோம். எந்த நேரத்தில் அழைத்தால் வசதி என்று கேட்டோம். பதில் அனுப்பும்போது அவர் எழுதிய பழைய வரிகள் கீழே சேர்ந்து போகும். அவற்றை அழித்துவிட்டே அனுப்பினோம்.

கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து, வேறொருவரின் தொலைபேசியில் அவர் பேசினார். பொலிசுக்கு இப்போது போக விருப்பமில்லை என்றார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று பொறுப்பாளர் விளக்கினார். வளர்ந்த பெண்ணின் விடயத்தை அவருடைய சம்மதமில்லாமல் வேறிடம் கொடுப்பதில்லை. ஆனால் பிள்ளைக்கு ஆபத்தென்றால் சம்மதத்துக்காக நிற்க முடியாது. அதையும் ஒளிக்காமல் அவரிடம் சொன்னார். பிள்ளைகள் மேல் கை வைக்கவில்லை என்று தாய் சொன்னார். அவர் குறித்த நேரத்தில் வாரம் ஒருமுறை அழைப்பதென்று முடிவாயிற்று.

அந்தக் கடிதத்தில் பொறுப்பெடுத்தவரின் பெயராக இப்போது என் பெயர் ஒட்டியிருக்கிறது. பையும் கொப்பியும் கொடுத்தாயிற்று. ஆனாலும் நிலை இன்னும் “காத்திருப்பு”தான். “முடிந்தது” என்று மாற்றுவதற்கு, அதை அந்தத் தாயல்லவா சொல்ல வேண்டும்?