பணி மதிப்பீட்டுச் சந்திப்பின் தொடக்கச் சொற்கள்

பணி மதிப்பீட்டுச் சந்திப்பு என்பது, ஊழியரின் ஓராண்டு வேலையைப் பற்றி மேலாளர் அவருடன் அமர்ந்து பேசுவதாகும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், சென்னையில் பல நிறுவனங்கள் இதை ஏப்ரல், மே மாதங்களில் நடத்துகின்றன.

அடுத்து என்ன வரும் என்று தெரியாததே ஊழியரின் பதற்றத்துக்கு முக்கியக் காரணம். "பயப்படாதீங்க" என்றால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றும். அதைவிட, நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

எடுத்துக்காட்டாக, தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றின் கணக்குப் பிரிவில் ஓராண்டாக வேலை செய்யும் பெண் வந்து அமர்கிறார். மேலாளர் இப்படித் தொடங்கலாம்:

"வாங்கம்மா, உட்காருங்க. சாப்பிட்டாச்சா? அரை மணி நேரம் பேசுவோம். முதல்ல நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் கவனிச்சதைச் சொல்றேன். மாத்திக்க வேண்டியது ரெண்டு இருக்கு, அதையும் பேசிடுவோம். சம்பள முடிவு இன்னிக்கு இல்லை. ஜிஎஸ்டி கணக்கை முதல் தடவையா தனியா முடிச்சீங்களே, எந்த இடத்துல சிரமமா இருந்துச்சு?"

"வருஷம் எப்படிப் போச்சு?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லாப் போச்சு சார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். குறிப்பிட்ட வேலையைக் கேட்டால் அவர் விவரமாகப் பேசத் தொடங்குவார். பதற்றம் தணிவதற்கு அதுவே அடையாளம்.

நலம் விசாரிப்பு ஓரிரு வாக்கியங்களோடு முடிய வேண்டும். நீண்டால், கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவதாக ஊழியர் நினைப்பார். குறை இருக்கும்போது "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று தொடங்கவும் கூடாது. குறையைச் சொல்லும்போது முன்பு சொன்ன பாராட்டும் பொய்யாகிவிடும்.