பழம் மலிந்தால் யோசிக்க வேண்டும்: ஒரு மாங்கூழ் ஏற்றுமதியாளரின் மூன்று கணக்குகள்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மண்டிகளில் பெங்களூரா மாம்பழம் கிலோ 5 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை என்று பழத்தை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூரில் கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் தருவது என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் உதவி கேட்டுத் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆலைக்காரர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: போன வருடக் கூழே இன்னும் விற்கவில்லை.

விவசாயியின் துயரம் செய்தியாக வந்தது. அதே நேரத்தில் கிடங்கில் டிரம் டிரம்மாகக் கூழை வைத்துக்கொண்டு வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த சிறு ஏற்றுமதியாளரின் கணக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. வாங்கும் நாடு சுணங்கினால் அவருக்கு என்ன நடக்கிறது? அதைப் பருவத்துக்கு முன்பே எப்படிக் கணக்கிட்டுப் பார்ப்பது?

இந்தத் தொழிலின் சிக்கல் காலத்தில் இருக்கிறது. பெங்களூரா பழம் மே கடைசியில் தொடங்கி ஆறேழு வாரம் வெள்ளமாக வரும். ஒரு வருடத்துக்கு விற்கவேண்டிய கூழை அதற்குள் அரைத்தாக வேண்டும். ஆர்டரோ அதன் பிறகுதான் உறுதியாகும். இந்திய மாங்கூழை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று சவூதி அரேபியா. அங்கே பழச்சாறு விற்பனை உச்சத்துக்குப் போவது ரமலானில். 2026இல் ரமலான் பிப்ரவரி நடுவில் வந்தது. ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. அங்குள்ள ஆலை சாறு தயாரித்துக் கடைக்கு அனுப்பவேண்டும் என்றால், சென்னையிலிருந்து கூழ் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் கப்பல் ஏறவேண்டும். ஆக, ஜூனில் பணத்தைப் போட்டுவிட்டு, வாங்குபவர் மனதை அக்டோபரில்தான் தெரிந்துகொள்கிறோம்.

இப்படிப்பட்ட நிலையில் பலரும் செய்வது, போன வருடம் எத்தனை கண்டெய்னர் போயிற்றோ அதையே இந்த வருடத்துக்கும் போடுவது. கொஞ்சம் கவனமானவர்கள் பத்து சதவீதம் குறைத்துக்கொள்வார்கள். இரண்டுமே ஒரே ஒரு எதிர்காலத்தை நம்பி இருப்பதுதான். 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரின் குழு வேறு வழியை வளர்த்தது. என்ன நடக்கும் என்று ஆரூடம் சொல்லாமல், நடக்கக்கூடிய சில நிலைமைகளைத் தனித்தனிக் கதையாக எழுதி, ஒவ்வொன்றிலும் இன்றைய முடிவு என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குத்தான் இது சரிவரும் என்றில்லை. தருமபுரிப் பக்கத்துக் காரிமங்கலத்தில் ஒரு கணக்கு நோட்டில் போட்டுப் பார்க்கலாம்.

புரிந்துகொள்ள எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மாதிரிக் கணக்கு. எண்களை வாசகர் தன் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் வருடத்துக்கு 40 கண்டெய்னர் அனுப்புகிறார். ஒரு கண்டெய்னரில் அசெப்டிக் பையில் அடைத்த கூழ் டிரம்களாக 17 டன். முப்பது சவூதிக்கு, பத்து மற்ற நாடுகளுக்கு. ஒரு கிலோ கூழுக்கு சுமார் இரண்டு கிலோ பழம் வேண்டும். பழம் கிலோ 15 ரூபாய் என்றால், அரவைக் கூலி, பை, டிரம், துறைமுகச் செலவு எல்லாம் சேர்த்துக் கண்டெய்னர் ஒன்றுக்கு அடக்கம் 9.5 லட்சம். விற்பது 11 லட்சத்துக்கு. வங்கியில் வாங்கிய பாக்கிங் கிரெடிட்டுக்கு வட்டி 10 சதவீதம். ஒரு கண்டெய்னர் ஒரு மாதம் படுத்திருந்தால் 8,000 ரூபாய். சம்பளம், வாடகை, சான்றிதழ்கள் என்று வருடச் செலவு 24 லட்சம்.

முதல் நிலைமை, எல்லாம் வழக்கம்போல. நாற்பதும் போகிறது. சராசரியாக நான்கு மாதம் காத்திருக்கிறது. லாபம் 60 லட்சம்; அதில் வட்டி 13 லட்சமும் வருடச் செலவும் போக, கையில் நிற்பது சுமார் 23 லட்சம்.

இரண்டாவது, சவூதியில் விற்பனை சுணங்குகிறது. கப்பல் ஓடுகிறது, ஆனால் வாங்குபவர் முப்பதுக்குப் பதில் இருபதுதான் எடுக்கிறார். விலையில் அரை லட்சம் குறைக்கிறார், பணத்தை மூன்று மாதம் தள்ளித் தருகிறார். பத்து கண்டெய்னர் வருடம் முழுக்கக் கிடங்கில் கிடக்கிறது. லாபம் 35 லட்சமாகச் சுருங்க, வட்டி 24 லட்சமாக வீங்குகிறது. வருடச் செலவையும் கழித்தால் 13 லட்சம் நஷ்டம். கூடவே 95 லட்ச ரூபாய் கூழாக உறைந்து நிற்கிறது.

மூன்றாவது நிலைமையில் தேவை மட்டுமல்ல, வழியும் அடைபடுகிறது. இது கற்பனையல்ல. 2023 நவம்பரில் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பல பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்த வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஜெத்தா துறைமுகமோ செங்கடலின் கரையிலேயே இருக்கிறது. வாடகை ஏறியது, நாள் கூடியது. இந்த நிலைமையில் சவூதி பத்துதான் எடுக்கிறது, அதுவும் 10 லட்சத்துக்கு, மூன்று மாதக் கடனில். மற்ற நாடுகளை நோக்கி எல்லா ஆலைகளும் ஓடுவதால் அங்கேயும் விலை 10.5 லட்சம். இருபது கண்டெய்னர் மிஞ்சுகிறது. நஷ்டம் 37 லட்சம்.

கணக்கு நோட்டில் பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான அடி இனிமேல்தான்.

மிஞ்சிய இருபது கண்டெய்னரை ஏட்டில் 9.5 லட்சம் வீதம் சொத்தாக எழுதி வைத்திருக்கிறோம். நமக்கு மிஞ்சியதுபோல எல்லா ஆலைக்கும் மிஞ்சியிருக்கும். அடுத்த பருவத்தில் யாரும் பழம் வாங்க அவசரப்படமாட்டார்கள். பழம் 15 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு விழும். அப்போது புதுக்கூழின் அடக்கம் கண்டெய்னருக்கு 3.4 லட்சம் குறைந்துவிடும். நம் பழைய கூழை அதற்கு மேல் விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? இருபது கண்டெய்னருக்கு 68 லட்சம் சத்தமில்லாமல் கரைகிறது. மொத்த அடி ஒரு கோடியைத் தாண்டுகிறது. மலிந்த பழத்தைக் கண்டு, "இப்போது அரைத்துப் போட்டால் பின்னால் லாபம்" என்று ஆசைப்படுபவர் ஒன்றை மறந்துவிடுகிறார்: சுணங்கிய வருடத்தில் பழம் மலிவதே, கிடங்குகள் நிறைந்திருப்பதன் அறிகுறி. விளைச்சல் கூடியதால் மலிந்ததா, பழைய கூழ் தேங்கியதால் மலிந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் அரைக்கக் கூடாது. ஏப்ரலிலேயே சுற்றுவட்டக் குளிர்கிடங்குகளையும் ஆலைகளையும் விசாரித்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மூன்று விடைகளையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தச் சராசரி வருடம் ஒருநாளும் வராது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: மூன்றாவது நிலைமை வந்தாலும் அடுத்த ஜூனில் பழம் வாங்க வங்கி பணம் தரும் அளவுக்கு நிற்க, இன்று எத்தனை அரைக்கலாம்? பாக்கிங் கிரெடிட்டை வழக்கமாக 360 நாளுக்குள் ஏற்றுமதி செய்து அடைக்கவேண்டும். கூழாக நிற்கும் பணம் அடுத்த பருவத்தின் கடன் வரம்பைத் தின்றுவிடும். நஷ்டத்தைத் தாங்கிய ஏற்றுமதியாளர்கூட, பழம் வரும் வாரத்தில் கையில் காசில்லாமல் தொழிலை விட்டு விலகுவது இப்படித்தான்.

நம் மாதிரி ஆள் 28 கண்டெய்னர் மட்டும் அரைத்தால் என்ன ஆகும்? நல்ல வருடம் வந்தால் மீதிப் பன்னிரண்டை வேறு ஆலைகளிடம் கூடுதல் விலைக்கு வாங்கி அனுப்பவேண்டும். கண்டெய்னருக்கு 70,000 ரூபாய்தான் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 23 லட்சத்துக்குப் பதில் சுமார் 17 லட்சம். ஆறு லட்சம் போகிறது. இரண்டாவது நிலைமையில் நஷ்டம் 13 லட்சத்திலிருந்து சுமார் 4 லட்சமாகிறது, கிடங்கில் எதுவும் தேங்காது. மூன்றாவதில் மிஞ்சுவது எட்டு கண்டெய்னர். ஏட்டு நஷ்டமும் கூழின் மதிப்பிறக்கமும் சேர்ந்து 53 லட்சம். நாற்பது அரைத்திருந்தால் வந்திருக்கும் அடியில் ஏறக்குறைய பாதி. நல்ல வருடத்தில் இழக்கும் ஆறு லட்சம் தொழில் பிழைத்திருப்பதற்கான விலை. என் கணிப்பில் அது மலிவு. கடனே இல்லாமல் சொந்தப் பணத்தில் தொழில் செய்பவருக்கு அப்படித் தோன்றாமல் போகலாம். அவர் முப்பத்தைந்துகூட அரைக்கலாம்.

அந்த 28ஐயும் ஒரே மூச்சில் முடிவு செய்யவேண்டியதில்லை. பதினெட்டை முதலில் அரைத்துவிட்டு, மீதிப் பத்துக்கு ஜூன் கடைசியை நாள் குறித்துக்கொள்ளலாம். அதற்குள் சில அடையாளங்கள் தெரிந்துவிடும். எப்போதும் எல்.சி. திறக்கிறவர் இந்த முறை 90 நாள் கடன் கேட்கிறாரா? மாதம் ஐந்து என்று ஒப்பந்தம் போட்டவர், "தேவைப்படும்போது சொல்கிறேன்" என்கிறாரா? மாதிரி அனுப்பிய பிறகு பதிலே வராமல் நாள் ஓடுகிறதா? இப்படி இரண்டு சேர்ந்து வந்தால் அந்தப் பத்தை அரைக்கவேண்டாம் என்று ஏப்ரலிலேயே நோட்டில் எழுதி, கூட்டாளியிடம் கையெழுத்தும் வாங்கி வைப்பது நல்லது. ஜூன் மாதச் சந்தடியில், மண்டியில் பழம் மலிந்து கிடக்கும்போது, புதிதாக யோசித்து நிதானமாக முடிவெடுக்க யாராலும் முடியாது.

எதில் அடைக்கிறோம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். டிரம்மில் அடைத்த பெங்களூராக் கூழை உள்நாட்டுக் குளிர்பான நிறுவனங்களும் வாங்கும். இங்கே விற்கும் மாம்பழப் பானங்களில் பெரும்பகுதி இந்தப் பழம்தான். ஆனால் வாங்குபவரின் பெயரை அரபியில் அச்சடித்த தகர டின்னில் அடைத்துவிட்டால், அவர் கைவிட்ட நாளில் அதைத் தொட ஆளில்லை. ஆகவே டின் ஆர்டரில் முன்பணம் வரும்வரை பெயரில்லாத டின்னில் அடைத்து வைத்து, அனுப்பும்போது லேபிள் ஒட்டுவது பாதுகாப்பு.

இசிஜிசி காப்பீடு இருக்கிறதே என்று கேட்பார்கள். சரக்கை அனுப்பிய பிறகு வாங்குபவர் பணம் தராவிட்டாலோ, அந்த நாட்டில் போரோ பணம் அனுப்பத் தடையோ வந்தாலோ இழப்பின் பெரும்பகுதியை அது ஈடுகட்டும். வராத ஆர்டருக்கு அதில் இழப்பீடு கிடையாது. நம் மூன்றாவது நிலைமையில் பெரிய அடி கிடங்கில் கிடக்கும் கூழால் வந்தது. அங்கே காப்பீடு எட்டிப் பார்க்காது.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. ஏற்றுமதியாளர் நாற்பதை இருபத்தெட்டாக்கும்போது, சுமார் 400 டன் பழம் அவர் வாசலுக்கு வராமல் போகிறது. எல்லா ஆலையும் இப்படிச் செய்தால் விலைச் சரிவு பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் தோப்பு வைத்திருப்பவர் தலையில்தான் விழும். அவருக்கு மூன்று கணக்கு போடும் வசதியில்லை, மரம் காய்த்துவிட்டது. ஏற்றுமதியாளர் தன் அரவை அளவைப் பூ பிடிக்கும் காலத்திலேயே மண்டிக்குச் சொல்லிவிட்டால், தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் தொகையைக் குறைத்துப் பேசுவார். விவசாயியும் கொஞ்சம் காயை ஊறுகாய்க்கோ வெளிமாநிலச் சந்தைக்கோ முன்னதாகப் பறித்து அனுப்பப் பார்ப்பார். இப்போது அந்த எண் ஜூன் வரை ஆலைக்குள்ளேயே ரகசியமாக இருக்கிறது.